வார்டி ஏன் 'குளிர்ந்தார்'?

2015 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீக்கில் லெஸ்டர் சிட்டி அணி ஸ்வான்சியை அதன் சொந்த மைதானத்தில் 3-0 என்று வென்றது. மூன்று கோல்களையும் ரியாத் மஹ்ரெஸ் அடித்தார். ஆனால் அன்று பலரும் பேசியது கோல் அடிக்காத ஒருவரைப் பற்றித்தான். அதற்கு முந்தைய 11 லீக் ஆட்டங்களிலும் தவறாமல் கோல் அடித்து, ரூட் வான் நிஸ்டல்ராயின் 10 ஆட்டச் சாதனையை முறியடித்திருந்த லெஸ்டர் ஸ்ட்ரைக்கர் ஜேமி வார்டியின் தொடர் அன்றோடு அறுந்தது. அதன் பிறகு அந்த சீசனில் அவர் ஆடிய 22 லீக் ஆட்டங்களில் 10 கோல்கள் வந்தன. 11 ஆட்டங்களில் 13 கோல், பிறகு 22 ஆட்டங்களில் 10 கோல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் யாரும் "சூடு ஆறிவிட்டது" என்றுதான் சொல்வார்.

ஏன் ஆறியது என்று கேட்டால் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. கால்பந்து பேசுகிற எவரும் ஐந்து காரணமாவது சொல்லிவிடுவார். ஆனால் எந்தக் காரணமும் இல்லாமலேயே இந்தச் சரிவின் பெரும்பகுதி நடந்திருக்கும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் காட்ட விரும்புகிறேன். புள்ளியியலில் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்கிறார்கள். பெயர் ஏதோ விசை ஒன்று வீரரைப் பிடித்துக் கீழே இழுப்பதுபோல ஒலிக்கிறது. அப்படி ஒரு விசை கிடையாது.

முதலில் அந்த 11 ஆட்டங்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். தொடர் ஆகஸ்ட் 29 அன்று போர்ன்மத்தில் தொடங்கியது. லெஸ்டர் 0-1 என்று பின்தங்கியிருந்தது. 86ஆவது நிமிடத்தில் பெனால்டி கிடைத்தது, வார்டி அடித்தார், ஆட்டம் 1-1. அடுத்து ஆஸ்டன் வில்லா, ஸ்டோக், ஆர்சனல் (இதில் இரண்டு). பிறகு நாரிச்சுக்கு எதிராக ஒரு கோல், அதுவும் பெனால்டி. சவுத்தாம்ப்டனில் இரண்டு, அதில் இரண்டாவது கோல் கூடுதல் நேரத்தில் வந்து ஆட்டத்தை 2-2 ஆக்கியது. கிரிஸ்டல் பேலஸ், வெஸ்ட் பிராம். அடுத்து வாட்ஃபோர்டுக்கு எதிராக மறுபடி ஒரு பெனால்டி. நியூகாசிலில் ஒன்று. கடைசியாக நவம்பர் 28 அன்று சொந்த மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக, எதிரணியின் கார்னரிலிருந்து கிளம்பிய வேகமான எதிர்த்தாக்குதலில் கிறிஸ்டியன் ஃபுக்ஸ் தள்ளிவிட்ட பந்தை ஓட்டத்திலேயே வாங்கி, கோல்கீப்பர் டே ஹேயாவைத் தாண்டித் தாழ்வாக அடித்த கோல். சாதனை முறிந்தது அதில்தான்.

இப்போது பெனால்டிகளை மட்டும் கவனியுங்கள். போர்ன்மத், நாரிச், வாட்ஃபோர்டு ஆகிய மூன்று ஆட்டங்களிலும் வார்டியின் ஒரே கோல் பெனால்டிதான். அந்த மூன்றில் நடுவர் விசில் ஊதியிருக்காவிட்டாலோ, கோல்கீப்பர் சரியான பக்கம் பாய்ந்திருந்தாலோ, 11 ஆட்டத் தொடர் 3, 3, 2 என்று மூன்று துண்டுகளாகச் சிதறியிருக்கும். அப்போதும் அவர் 11 ஆட்டங்களில் 10 கோல் அடித்த அருமையான ஸ்ட்ரைக்கராகவே இருந்திருப்பார். ஆட்டம் அதே ஆட்டம், ஓட்டம் அதே ஓட்டம். சாதனை மட்டும் இருந்திருக்காது, டிசம்பர் 5 அன்று யாரும் அவரைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கவும் மாட்டார்கள்.

இதைச் சொல்வது வார்டியின் பெருமையைக் குறைப்பதற்காக அல்ல. பெனால்டியை அடிக்கவும் திறமை வேண்டும். பொதுவாக நான்கில் மூன்றுக்குச் சற்று மேலாகவே பெனால்டிகள் கோலாகின்றன, அவர் மூன்றையும் அடித்தார். நான் சொல்ல வருவது வேறு. ஒரு தொடர் என்பது திறமையும் அதன்மேல் ஏறிக்கொண்ட நல்வாய்ப்பும் சேர்ந்த கூட்டுத்தொகை. திறமை அடுத்த ஆட்டத்துக்கும் அவரோடு பஸ் ஏறி வரும். நல்வாய்ப்பு வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கால்பந்தில் இந்த நல்வாய்ப்பின் பங்கு பெரிது. கோல் அரிய பொருள் என்பதே காரணம். கிரிக்கெட்டில் ஒரு மட்டையாளர் ஒரு சீசனில் ஆயிரக்கணக்கான பந்துகளைச் சந்திக்கிறார். ஸ்ட்ரைக்கரோ ஓர் ஆட்டத்தில் இரண்டு மூன்று ஷாட் அடித்தாலே அதிகம். பெரிய லீக்குகளில் ஷாட்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் கோலாகிறது. பத்து ஆட்டங்கள் என்பது முப்பது ஷாட்கூட இல்லை. அத்தனை சிறிய கைப்பிடிக்குள் கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்த இரண்டும் கம்பத்தில் பட்டு வெளியே போகாத இரண்டும் சேர்ந்தால், சுமாரான மாதம் தலைப்புச் செய்தியாகிவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு லீக்கில் 40 ஸ்ட்ரைக்கர்கள். அத்தனை பேரும் திறமையில் துல்லியமாகச் சமம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் நீண்டகாலச் சராசரி ஆட்டத்துக்கு அரை கோல். பத்து ஆட்டங்கள் ஆடட்டும். ஒவ்வொருவரிடமும் நாம் எதிர்பார்ப்பது 5 கோல். ஆனால் கோல்கள் ஒழுங்காக வரிசையில் நின்று வருவதில்லை. கணக்குப் போட்டால், இப்படிப்பட்ட ஒருவர் பத்து ஆட்டங்களில் 10 அல்லது அதற்கு மேல் கோல் அடிக்கும் நிகழ்தகவு சுமார் 3 சதவீதம். 40 பேரில் 3 சதவீதம் என்றால் ஒருவருக்கு மேல். அதே கணக்கில், பத்து ஆட்டங்களில் ஒரு கோலோ அதுவும் இல்லாமலோ நிற்பவர்களும் ஒருவர் இருவர் இருப்பார்கள்.

அந்த வாரம் பத்திரிகை என்ன எழுதும்? 10 கோல் அடித்தவரின் படம் அட்டையில் வரும். அவருடைய உணவுமுறை, புதிய பயிற்சியாளர், பிறந்த குழந்தை என்று அலசல் வரும். ஒரு கோலில் நிற்பவர் முடிந்துபோனவர் என்று எழுதப்படுவார். இருவரும் ஒரே திறமைக்காரர்கள் என்பது நமக்குத் தெரியும், ஏனென்றால் நாம்தான் அவர்களை அப்படிப் படைத்தோம். அடுத்த பத்து ஆட்டங்களில் இருவரிடமும் எதிர்பார்க்க வேண்டியது மறுபடி 5 கோல்தான். முதலாமவர் 'குளிர்ந்துவிட்டார்', இரண்டாமவர் 'மீண்டுவிட்டார்' என்று எழுதப்படும். உண்மையில் இருவருக்கும் எதுவுமே ஆகவில்லை.

எல்லாச் சூட்சுமமும் நாம் யாரைப் பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது. ஒரு வீரரின் பெயரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து அவரைத் தொடர்ந்து கவனித்தால் சரிவும் தெரியாது, ஏற்றமும் தெரியாது. நாம் அப்படிச் செய்வதில்லை. உச்சியில் இருக்கும்போதுதான் ஒருவர் நம் கண்ணில் படுகிறார். உச்சியில் இருப்பவரைத் தேர்ந்தெடுத்தாலே, நல்வாய்ப்பு அதிகம் கூடியவரைத் தேர்ந்தெடுத்ததாக ஆகிவிடுகிறது. அடுத்து அவர் போகக்கூடிய திசை பெரும்பாலும் ஒன்றுதான்.

இனி கற்பனையை விட்டு வார்டியிடம் வருவோம். 2015 நவம்பர் 28 இரவு, சாதனை முறிந்த அதே நேரத்தில் ஒருவர் உட்கார்ந்து, இனி இவர் எத்தனை கோல் அடிப்பார் என்று கணிக்க வேண்டுமானால் எப்படிக் கணிப்பது? அந்த சீசனில் அதுவரை 14 ஆட்டங்கள், 14 கோல்கள் (தொடருக்கு முந்தைய மூன்று ஆட்டங்களில் ஒரு கோல் உண்டு). சூட்டை அப்படியே நம்புகிறவர், ஆட்டத்துக்கு ஒன்று என்று வைத்து, இனி ஆடப்போகும் 22 ஆட்டங்களில் 22 கோல் என்பார்.

இன்னொரு வழி, அவருடைய பழைய கணக்கையும் சேர்த்துக்கொள்வது. முந்தைய 2014-15 சீசனில் பிரீமியர் லீக்கில் 34 ஆட்டங்களில் 5 கோல்தான் அடித்திருந்தார். இரண்டையும் கூட்டினால் 48 ஆட்டங்களில் 19 கோல். ஆட்டத்துக்கு 0.40. இந்த விகிதத்தில் 22 ஆட்டங்களுக்கு ஒன்பதுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. உண்மையில் அடித்தது 10.

இந்தக் கணிப்பைச் செய்ய ஒரு கூட்டலும் ஒரு வகுத்தலும் போதும். எந்த அணிக்கு எதிராக ஆடுவார், யார் தடுப்பார், உடல்நிலை எப்படி என்று எதுவுமே தெரிய வேண்டியதில்லை. பழைய கணக்கை எவ்வளவு தூரம் பின்னோக்கிச் சேர்ப்பது என்பது மட்டும் சிக்கலான கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என் அக்கா மகன் லெஸ்டரின் தீவிர ரசிகன். இந்தக் கணக்கைச் சொன்னபோது அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. "மாமா, நீங்கள் ஆட்டத்தையே பார்க்காமல் பேசுகிறீர்கள். அவருக்கு ஜனவரியில் இடுப்புப் பகுதியில் அறுவை சிகிச்சை நடந்தது. எதிரணிகள் விழித்துக்கொண்டு பின்னால் இறங்கி நின்று ஆடின. ஓட இடமே கொடுக்கவில்லை" என்றான்.

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. வார்டியின் ஆட்டம் தடுப்பு வரிசைக்குப் பின்னால் கிடக்கும் வெற்றிடத்தை நம்பியது. நடுக்கள வீரர் ட்ரிங்க்வாட்டரின் நீண்ட பந்து விழும் இடத்துக்கு முதலில் ஓடிச் சேர்வதுதான் அவருடைய தொழில். லெஸ்டர் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தபின் எதிரணிகள் அந்த வெற்றிடத்தைத் தரத் தயங்கின. பிப்ரவரி 27 தொடங்கி ஏப்ரல் 3 வரையிலான ஆறு லீக் ஆட்டங்களில் ஐந்தை லெஸ்டர் 1-0 என்றே வென்றது. அந்த ஆறிலும் வார்டி கோல் அடிக்கவில்லை. இறுக்கமான ஆட்டங்கள், குறைந்த வாய்ப்புகள்.

ஆனால் அவனிடம் நான் கேட்டது இதுதான்: இந்தக் காரணங்கள் எதுவும் இல்லாமலே ஒன்பது கோல் என்று கணிக்க முடிந்தது, வந்தது பத்து. அப்படியானால் காரணங்கள் விளக்குவதற்கு மிச்சம் என்ன இருக்கிறது? சரிவை விளக்கக் காரணம் தேடுவதற்கு முன், காரணமே இல்லாவிட்டால் எவ்வளவு சரிந்திருக்கும் என்று பார்க்க வேண்டும். அந்த அளவுக்கு மேல் சரிந்தால்தான் காரணத்துக்கு வேலை. வார்டி விஷயத்தில் அந்த மேல்மிச்சம் கணக்கில் தெரியவே இல்லை.

இதைச் சோதிக்க இன்னொரு வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வழி இது. காலத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பிரான்சிஸ் கால்டன் 1886இல் பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை அளந்து இந்த நிகழ்வை விவரித்தபோது, உயரமான பெற்றோரின் பிள்ளைகள் பெற்றோரைவிடச் சராசரிக்கு நெருக்கமாக இருப்பதைக் காட்டினார். அதே தரவைத் தலைகீழாகப் படித்தால், உயரமான பிள்ளைகளின் பெற்றோரும் சராசரிக்கு நெருக்கமாகவே இருப்பார்கள். பிள்ளையின் உயரம் பெற்றோரைக் குட்டையாக்க முடியாது. ஆகவே இது காரணமும் விளைவும் சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல, உச்சத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பார்ப்பதன் விளைவு.

வார்டிக்கும் அப்படியே. அவருடைய 2015-16 சீசனின் மொத்தம் 24 கோல். அடுத்த சீசனில் 13. "தடுப்பாட்டக்காரர்கள் அவரைப் படித்துவிட்டார்கள்" என்பது அந்த இறக்கத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். சரி, முந்தைய சீசனில் வெறும் 5 கோல்தானே? அப்போதும் அவர்கள் அவரைப் படித்துவைத்திருந்தார்களா? உச்சத்தின் இரு பக்கமும் தாழ்ந்துதான் இருக்கும். அதனால்தான் அதை உச்சம் என்கிறோம். (2014-15இல் அவர் பல ஆட்டங்களில் ஓரத்தில் ஆடினார், எல்லா ஆட்டங்களிலும் தொடக்கத்திலேயே இறங்கவும் இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அந்த 5 அவருடைய திறமைக்குக் கொஞ்சம் குறைவான அளவுகோல்தான்.)

2016-17இல் நடந்தது இன்னும் சுவையானது. செப்டம்பர் 10 அன்று லிவர்பூலுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். அதற்குப் பிறகு மூன்று மாதம், லீக்கில் பத்து ஆட்டங்கள், ஒரு கோலும் இல்லை. அவர் கதை முடிந்தது என்றே பலரும் எழுதினார்கள். டிசம்பர் 10 அன்று பெப் குவார்டியோலாவின் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார், லெஸ்டர் 4-2 என்று வென்றது. சராசரிக்குத் திரும்புதல் மேல்நோக்கியும் நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆட்டம் எனக்குத் தெரியவில்லை. வறட்சியின் நடுவில் யாராவது ஒரு பயிற்சியாளர் அவரைத் தனியே அழைத்துக் கத்தியிருந்தால், அந்தக் கத்தல்தான் ஹாட்ரிக்கைக் கொண்டுவந்தது என்று ஒரு கதை உருவாகியிருக்கும். மோசமான காலத்தில் எதைச் செய்தாலும் அதற்குப் பின் நிலைமை தேறும், நல்ல காலத்தில் எதைச் செய்தாலும் அதற்குப் பின் சரியும். பாராட்டினால் கெட்டுப்போவான், திட்டினால் திருந்துவான் என்ற பழைய நம்பிக்கை மைதானங்களில் இன்னும் உயிரோடு இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இங்கே பலர் விழும் ஒரு குழியைச் சொல்லியாக வேண்டும். "இவ்வளவு நாள் அடித்துவிட்டார், இனி கொஞ்ச நாள் அடிக்க மாட்டார், கணக்கு நேராக வேண்டுமே" என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். பந்துக்குக் கடன் கணக்கு எதுவும் கிடையாது. அதிகமாக அடித்ததற்கு ஈடாகக் குறைவாக அடிக்க வேண்டும் என்று எதுவும் வீரரைக் கட்டாயப்படுத்துவதில்லை. அடுத்த ஆட்டத்தில் எதிர்பார்க்க வேண்டியது சராசரியைத்தான், சராசரிக்குக் கீழே அல்ல. வார்டியின் கணக்கே இதைக் காட்டுகிறது. லெஸ்டருக்காகப் பிரீமியர் லீக்கில் பத்து சீசன்களில் 342 ஆட்டங்கள் ஆடி 145 கோல் அடித்தார். ஆட்டத்துக்கு 0.42. தொடர் அறுந்தபின் அந்த சீசனில் ஆடிய 22 ஆட்டங்களில் 0.45. அதாவது 'குளிர்ந்த' வார்டி, தன் வாழ்நாள் சராசரியைவிட இம்மி அளவு மேலேயே ஆடிக்கொண்டிருந்தார். அவர் தேயவில்லை. எப்போதும் இருந்த வார்டியாக மீண்டும் ஆனார், அவ்வளவே. அந்த வார்டி, ஓர் அணியை லீக் சாம்பியன் ஆக்கும் அளவுக்குப் போதுமானவர்.

எல்லாச் சூடும் ஆறிவிடுமா என்றால், இல்லை. சில நேரம் நாம் பார்ப்பது நல்வாய்ப்பு அல்ல, அதுவரை யாரும் அறியாத உயர்ந்த சராசரி ஒன்று முதன்முதலாக வெளியே தெரிவது. ஹாரி கேன் 2014-15இல் டாட்டன்ஹாமுக்காக 21 லீக் கோல் அடித்தபோது, ஒரு சீசன் அதிசயம் என்றார்கள். முந்தைய சீசன்களில் அவருக்குப் பெரிதாகக் கணக்கு இல்லாததால் அந்தச் சந்தேகம் அறிவுள்ள சந்தேகம்தான். ஆனால் அடுத்தடுத்த சீசன்களில் 25, 29, 30 என்று வந்தது. திரும்பிப் போக வேண்டிய சராசரியே அங்கேதான் இருந்தது.

மறுபக்கம் பாப்பிஸ் சிஸ்ஸே. 2012 ஜனவரியில் நியூகாசிலுக்கு வந்து, அந்த அரை சீசனில் 14 லீக் ஆட்டங்களில் 13 கோல். செல்சி மைதானத்தில் அவர் அடித்த இரண்டாவது கோலை இன்றும் போட்டுப் பார்க்கிறேன். பாக்ஸுக்கு வெளியே இடது பக்கம், கோல் கம்பத்தைப் பார்க்கவே வசதியில்லாத கோணம், துள்ளி வந்த பந்தை வலது காலின் வெளிப்புறத்தால் அடிக்கிறார். பந்து காற்றில் வளைந்து, பீட்டர் செக்கின் தலைக்கு மேலே போய்த் தூரத்து மூலையில் விழுகிறது. அதைப் பார்க்கும்போது ஏற்படும் பரவசம் உண்மையானது. ஆனால் அந்த இடத்திலிருந்து நூறு முறை அடித்தால் எத்தனை முறை உள்ளே போகும் என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த முழு சீசனில் 36 ஆட்டங்களில் 8 கோல். அதற்கடுத்து 24 ஆட்டங்களில் 2. பிறகு 2014-15இல் 22 ஆட்டங்களில் 11! நியூகாசிலில் அவருடைய மொத்தக் கணக்கு 117 லீக் ஆட்டங்களில் 37 கோல். சூடும் குளிரும் மாறி மாறி அடித்த அந்த நான்கரை ஆண்டுகளின் நடுவில் ஆட்டத்துக்கு 0.32 என்ற விகிதம் ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்ஸேயின் சரிவில் எல்லாமே நல்வாய்ப்பின் விலகல் என்று நான் சொல்ல மாட்டேன். டெம்பா பா அதே அணியில் இருந்தவரை இவர் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட ஆட்டங்கள் உண்டு. அதனால் வாய்ப்புகளே குறைந்தன.

கேனையும் சிஸ்ஸேயையும் சூடு நடக்கும்போதே பிரித்தறிய முடியுமா? ஓரளவு முடியும். கோலைப் பார்க்காமல் வாய்ப்பைப் பார்க்க வேண்டும். ஓர் ஆட்டத்தில் ஸ்ட்ரைக்கர் எத்தனை ஷாட் அடிக்கிறார், அதில் எத்தனை பாக்ஸுக்குள்ளிருந்து, கம்பத்துக்கு எவ்வளவு நேராக, தலையாலா காலாலா என்பதெல்லாம் கோலைவிட நிலையானவை. மாதத்துக்கு மாதம் அதிகம் ஆடாதவை. இவற்றைக் கூட்டி, ஒவ்வொரு ஷாட்டுக்கும் அதே மாதிரியான பழைய ஷாட்கள் எத்தனை சதவீதம் கோலாயின என்ற மதிப்பைப் போட்டு வருவதுதான் 'எதிர்பார்ப்பு கோல்' என்ற எண். பெனால்டிக்கு முக்காலுக்குச் சற்று மேல், முப்பது கஜத்திலிருந்து அடிக்கும் ஷாட்டுக்கு மிகச் சொற்பம்.

ஒருவருடைய கோல்கள் ஏறும்போது எதிர்பார்ப்பு கோலும் கூடவே ஏறினால், அவர் புதிய இடங்களுக்குப் போய்ச் சேர்கிறார், அல்லது அணி அவருக்குப் புதிய வாய்ப்புகளைத் தருகிறது என்று பொருள். அந்தச் சூட்டில் கணிசமான பகுதி நிலைக்கும். கேன் ஷாட் எண்ணிக்கையில் ஆண்டுதோறும் லீக்கின் முன்வரிசையில் இருந்தார். கோல் மட்டும் ஏறி, எதிர்பார்ப்பு கோல் பழைய இடத்திலேயே கிடந்தால், அவர் அடிப்பதெல்லாம் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று மட்டுமே பொருள். மிகச் சில வீரர்களே ஆண்டுக்கணக்கில் எதிர்பார்ப்பைத் தாண்டி அடித்துக்கொண்டே இருப்பார்கள். மெஸ்ஸி அப்படிப்பட்டவர், கேனும் அந்த வரிசையில் வருவார். மற்றவர்களுக்கு அந்த இடைவெளி பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

தன்னம்பிக்கைக்கு இதில் இடமே இல்லையா என்று கேட்கலாம். 1985இல் கிலோவிச், வல்லோன், ட்வெர்ஸ்கி மூவரும் கூடைப்பந்து ஷாட்களை ஆராய்ந்து, 'சூடான கை' என்பது வெறும் தோற்றம் என்றார்கள். பல ஆண்டுகள் கழித்து மில்லர், சான்ஹுர்ஹோ இருவரும் அந்தக் கணக்கிடும் முறையிலேயே, உண்மையான சூட்டையும் மறைத்துவிடும் ஒரு நுட்பமான சாய்வு இருந்ததைக் காட்டினார்கள். ஆகவே நம்பிக்கை கொஞ்சம் உதவுகிறது என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அந்தக் கொஞ்சம், 0.42ஐ 1.00 ஆக்கும் அளவுக்கான கொஞ்சம் அல்ல.

கடைசியாக, முன்பு ஒத்திவைத்த கேள்வி. பழைய கணக்கை எவ்வளவு தூரம் பின்னோக்கிச் சேர்ப்பது? இதற்கும் வார்டியே நல்ல சோதனையைக் கொடுத்தார். 2019-20 சீசனில் பிரெண்டன் ராஜர்ஸின் கீழ் மறுபடி ஒரு கோல் வேட்டை. தொடர்ந்து எட்டு லீக் ஆட்டங்களில் கோல். டிசம்பர் 8 அன்று ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக இரண்டு அடித்தபோது, 16 ஆட்டங்களில் 16 கோல் என்று நின்றது. ஆட்டத்துக்கு ஒன்று, 2015இல் பார்த்த அதே விகிதம்.

முன்பு செய்ததுபோல முந்தைய ஒரு சீசனை மட்டும் (34 ஆட்டம், 18 கோல்) சேர்த்தால் 50 ஆட்டங்களில் 34 கோல், ஆட்டத்துக்கு 0.68. அந்த சீசனில் அவர் மேலும் ஆடிய 19 ஆட்டங்களுக்கு 13 கோல் என்று வருகிறது. 2014-15இலிருந்து முழுக் கணக்கையும் சேர்த்தால் 192 ஆட்டங்களில் 96 கோல், துல்லியமாக அரை. 19 ஆட்டங்களுக்கு ஒன்பதரை. நடந்தது 7. நீண்ட கணக்கு நெருங்கி வந்தது, குறுகிய கணக்கு தள்ளிப் போனது. 2015இல் ஒரு சீசனைச் சேர்த்தே கணிப்பு அவ்வளவு அருகில் விழுந்ததில் எனக்கும் கொஞ்சம் நல்வாய்ப்பு இருந்திருக்கிறது. ஐந்து சீசன் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு: வார்டிக்கு அப்போது 33 வயதாகப் போகிறது, 28 வயதில் அடித்த கோல்களுக்கும் நேற்று அடித்த கோல்களுக்கும் ஒரே எடை தருவது சரியாகாது. அதனால் இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் பழைய சீசன்களை விட்டுவிடாமல், ஆண்டுக்கு ஆண்டு எடையைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள்.

ஒன்பதரை என்று கணித்தால்கூட, இந்த அளவிலான கணிப்பு மூன்று கோல் இப்படியோ அப்படியோ விலகுவது இயல்பு. ஏழு அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. 16உம் 7உம் சேர்ந்து 23 ஆயிற்று. டிசம்பருக்குப் பிறகு 'குளிர்ந்துபோன' அந்த வார்டி, 33 வயதில், லீக்கில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை வாங்கினார். அந்த விருதை அவ்வளவு வயதில் அதற்கு முன் யாரும் வாங்கியதில்லை.